அரை மைக்ரோ நொடி இடைவெளி

மின் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கைக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிடுகிறது. சரி, மிதித்தாவது வீட்டுக்குப் போகலாம் என்றால் சக்கரம் இடம் கொடுப்பதில்லை. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் விட்டு விட்டுக் கனக்கிறது. பிரேக் கட்டை எங்கும் உரசவில்லை. மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களையும் கழற்றிவிட்டால், அதே சக்கரம் தொட்டதும் சுழல்கிறது.

பழுது பார்ப்பவருக்கு இது ஒன்றே போதும். கன்ட்ரோலருக்குள் ஏதோ ஒரு மாஸ்ஃபெட் நிரந்தரமாக ஷார்ட் ஆகிவிட்டது. சக்கரத்தை உருட்டும்போது மோட்டார் ஒரு ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தயாரிக்கிறது. அந்த மின்சாரம் ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் வழியாகவே சுற்றித் திரும்பி மோட்டாரைத் தடுக்கிறது. பெட்டியைத் திறந்து, மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் டிரைனுக்கும் சோர்ஸுக்கும் இடையே தொட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் கத்தும். கவனிக்க வேண்டியது, அந்த இரண்டும் ஒரே வரிசையில் மேலும் கீழுமாக இருப்பவை. பக்கத்து வரிசைகளில் இருக்கும் நான்குக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஏன் சோடியாகச் சாகின்றன என்ற கேள்விக்குப் பதில் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் இருக்கிறது. மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மின் சைக்கிளின் பின் சக்கர மோட்டாருக்கு மூன்று வயர்கள். ஒவ்வொரு வயருக்கும் கன்ட்ரோலரில் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மேல் மாஸ்ஃபெட் பேட்டரியின் பாசிட்டிவுடன் சேர்ந்திருக்கிறது, கீழ் மாஸ்ஃபெட் நெகட்டிவுடன். இரண்டும் சந்திக்கும் நடுப்புள்ளியிலிருந்து மோட்டார் வயர் கிளம்புகிறது. இந்தச் சோடியைத்தான் ஹாஃப் பிரிட்ஜ் என்கிறார்கள். மேலே உள்ளது திறந்தால் மோட்டார் வயருக்கு 48 வோல்ட் கிடைக்கிறது. கீழே உள்ளது திறந்தால் பூஜ்யம். நொடிக்கு 20,000 முறை இப்படி மாறி மாறித் திறந்து, மேலே எவ்வளவு நேரம், கீழே எவ்வளவு நேரம் என்ற விகிதத்தை மாற்றினால், நடுவில் எந்த வோல்ட் வேண்டுமானாலும் சராசரியாகக் கிடைக்கும். கைப்பிடியைத் திருகும்போது உண்மையில் மாறுவது அந்த விகிதம்தான். இன்வெர்ட்டர், பி.எல்.டி.சி. மின்விசிறி, மின் ஸ்கூட்டர், சோலார் பம்ப் எல்லாவற்றின் வயிற்றிலும் இதே சோடி இருக்கிறது. வோல்ட்டும் ஆம்பியரும்தான் வேறுபடும்.

பேச்சுக்கு ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். 48 வோல்ட் பேட்டரி, 250 வாட் மோட்டார், ஆறு மாஸ்ஃபெட்டுகள். மாஸ்ஃபெட்டாக ஐஆர்எஃப்540என் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிப் பழகிய எவருக்கும் தெரிந்த பெயர் இது. 100 வோல்ட் தாங்கும். குளிர்ந்த நிலையில் தொடர்ந்து 33 ஆம்பியர், மிகக் குறுகிய துடிப்பாக 110 ஆம்பியர் வரை தாங்கும். முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் தடை அதிகபட்சம் 0.044 ஓம்.

மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு நேர் பாதை கிடைக்கிறது, இடையில் மோட்டாரே கிடையாது. இரண்டின் தடையையும் கூட்டினால் 0.088 ஓம். 48ஐ அதனால் வகுத்தால் 545 ஆம்பியர் வருகிறது. வயரின் தடையும் மாஸ்ஃபெட்டின் சொந்த வரம்பும் சேர்ந்து இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உறுதி. 300 ஆம்பியர் என்று வைத்தாலே 14 கிலோவாட் வெப்பம், ஒரு வெண்டைக்காய் விதை அளவுள்ள இரண்டு சிலிக்கன் சில்லுகளுக்குள். இதைத்தான் ஷூட் த்ரூ என்கிறார்கள்.

பேட்டரியில் ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று தோன்றும். காப்பாற்றாது. முதல் அடி பேட்டரியிலிருந்து வருவதே இல்லை. மாஸ்ஃபெட்டுகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும் பெரிய கெப்பாசிட்டரிலிருந்து வருகிறது. 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 300 ஆம்பியரில் காலியாக 160 மைக்ரோ நொடிதான் எடுக்கும். ஃபியூஸ் உருக மில்லி நொடிகள் வேண்டும். ஃபியூஸ் உருகும்போது அது மாஸ்ஃபெட்டைக் காப்பதற்காக உருகவில்லை, வயர் தீப்பிடிக்காமல் இருக்க உருகுகிறது. எரிந்த பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள் ஃபியூஸ் நன்றாக இருப்பதைக் கண்டு குழம்புவதுண்டு. அதற்குக் காரணம் இந்தக் கெப்பாசிட்டர்தான்.

கன்ட்ரோலரின் மூளையாக இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒருபோதும் இரண்டையும் சேர்த்துத் திறக்கச் சொல்வதில்லை. ‘மேலே மூடு, கீழே திற’ என்றுதான் சொல்கிறது. பிழை கட்டளையில் இல்லை, கட்டளை நிறைவேறும் வேகத்தில் இருக்கிறது.

மாஸ்ஃபெட்டின் கேட் என்பது உள்ளுக்குள் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அதில் மின்னேற்றத்தை நிரப்பினால் மாஸ்ஃபெட் திறக்கும், வடித்தால் மூடும். 540என் முழுதாகத் திறக்க அதிகபட்சம் 71 நானோகூலோம் மின்னேற்றம் கேட்கிறது. கேட்டுக்கு முன்னால் ஒரு சிறிய ரெசிஸ்டர் போடுவது வழக்கம். அது இல்லாவிட்டால் திறப்பும் மூடலும் மிக வேகமாகி, வோல்ட் குதித்து அலையும், ரேடியோ இரைச்சல் கிளம்பும். நம் கன்ட்ரோலரில் 47 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று கொள்வோம். கேட்டை இயக்கும் டிரைவர் ஐ.சி.யின் உள் தடையாக இன்னும் 7 ஓம் சேரும்.

இப்போது மூடும் நேரத்தைக் கணக்கிடலாம். கேட்டில் 12 வோல்ட் இருக்கிறது. வடியத் தொடங்கி 5 வோல்ட்டுக்கு வரும்வரை, ஏறத்தாழ 90 நானோ நொடிக்கு, வெளியே ஒன்றும் நடப்பதில்லை. மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்தே கிடக்கிறது. பிறகு கேட் வோல்ட் இறங்காமல் 5 வோல்ட் அருகிலேயே நின்றுவிடும். கேட்டுக்கும் டிரைனுக்கும் இடையே உள்ள மின்னேற்றம், சுமார் 21 நானோகூலோம், வடிய வேண்டியிருப்பதால் இந்தத் தேக்கம். இதற்கு 230 நானோ நொடி போகிறது. அதன் பிறகே 3 வோல்ட்டுக்கு இறங்கி உண்மையில் மூடுகிறது, அதற்கு இன்னும் 55. மொத்தம் கிட்டத்தட்ட 380 நானோ நொடி. ஆனால் திறக்கும் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. காலியான கேட் 2 வோல்ட்டைத் தொட்டாலே சில மாஸ்ஃபெட்டுகள் மின்சாரத்தை விடத் தொடங்கிவிடும். அதற்கு 20 நானோ நொடி போதும்.

முழு ஆபத்தும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரே கணத்தில் ‘மேலே மூடு, கீழே திற’ என்று சொன்னால், கீழே உள்ளது 20ஆவது நானோ நொடியில் திறக்கத் தொடங்குகிறது. மேலே உள்ளது 380ஆவது நானோ நொடியில்தான் மூடி முடிக்கிறது. இடைப்பட்ட 360 நானோ நொடிக்கு இரண்டும் மின்சாரத்தை விடுகின்றன. இது ஒருமுறை நடப்பதில்லை. நொடிக்கு 40,000 முறை, மேலிருந்து கீழே மாறும்போதும் கீழிருந்து மேலே மாறும்போதும் நடக்கிறது.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகளில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று சுவரில் இருக்கும். ஈ.பி. பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் பக்கத்துக்குக் கைப்பிடியைத் தள்ளும்போது, நடுவில் இரண்டுடனும் சேராத ஒரு நிலையைக் கடந்துதான் அது போகும். ஒன்றை விட்ட பிறகே மற்றதைப் பிடிக்கும்படி அதன் உலோகத் தகடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஹாஃப் பிரிட்ஜிலும் அதே ஏற்பாடுதான். ஒன்றை மூடச் சொன்ன பிறகு, மற்றதைத் திறக்கச் சொல்வதற்கு முன், இரண்டும் மூடியிருக்கும்படி ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. அதன் பெயர் டெட் டைம்.

எவ்வளவு விட வேண்டும்? மிக மெதுவாக மூடும் நேரத்திலிருந்து மிக விரைவாகத் திறக்கும் நேரத்தைக் கழிக்க வேண்டும். டிரைவர் ஐ.சி.யின் மேல் வழிக்கும் கீழ் வழிக்கும் உள்ள வேகவேறுபாட்டைக் கூட்ட வேண்டும். பிறகு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்க வேண்டும். நம் கணக்கில் 380லிருந்து 20 போனால் 360. டிரைவர் வேறுபாடு 10 சேர்த்தால் 370. அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 444. வசதிக்காக 500 நானோ நொடி, அதாவது அரை மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டரை 47 ஓமிலிருந்து 10 ஓமாகக் குறைத்தால் மூடும் நேரம் 120 நானோ நொடியாகச் சுருங்கும், 150 நானோ நொடி டெட் டைமே போதுமானதாகிவிடும். ஆகவே ‘இந்த மாஸ்ஃபெட்டுக்கு டெட் டைம் எவ்வளவு’ என்று தனியாகக் கேட்பதில் பொருள் இல்லை. ரெசிஸ்டர், டிரைவர், மாஸ்ஃபெட் மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. பழுது பார்க்கும்போது ‘இதைவிடப் பெரிய ஆம்பியர் மாஸ்ஃபெட் போட்டால் உறுதியாக இருக்கும்’ என்று மாற்றிய கன்ட்ரோலர்கள் சில நாளில் மறுபடி எரிவதற்கும் இது ஒரு காரணம். பெரிய மாஸ்ஃபெட்டுக்குப் பெரிய கேட் மின்னேற்றம், அது வடிய அதிக நேரம். டெட் டைமோ பழைய அளவிலேயே இருக்கிறது.

இந்த நடனத்தை நடத்தி வைப்பது கேட் டிரைவர். மைக்ரோகன்ட்ரோலரின் கால்கள் 3.3 அல்லது 5 வோல்ட்டில், சில மில்லி ஆம்பியர்தான் தரும். அதைக் கொண்டு 71 நானோகூலோமை நிரப்பப் பல மைக்ரோ நொடிகள் ஆகும். டிரைவர் அந்த மெல்லிய கட்டளையை வாங்கி, 12 வோல்ட்டில் ஆம்பியர் கணக்கில் கேட்டுக்குள் தள்ளுகிறது, அதே வேகத்தில் வடிக்கவும் செய்கிறது.

மேல் மாஸ்ஃபெட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கேட் வோல்ட் என்பது சோர்ஸைவிட எவ்வளவு உயரம் என்பதுதான். மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸோ நடுப்புள்ளியில் இருக்கிறது. அது திறந்தவுடன் நடுப்புள்ளி 48 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அப்படியானால் அதன் கேட்டுக்கு 60 வோல்ட் வேண்டும், பேட்டரியிலோ 48தான் இருக்கிறது. இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. கீழ் மாஸ்ஃபெட் திறந்து நடுப்புள்ளி பூஜ்யத்தில் இருக்கும்போது, ஒரு டயோடு வழியாக ஒரு சிறு கெப்பாசிட்டர் 12 வோல்ட்டுக்கு நிரம்பிக்கொள்கிறது. நடுப்புள்ளி மேலே ஏறும்போது கெப்பாசிட்டரும் கூடவே ஏறி, அந்த 12 வோல்ட்டை 48க்கு மேல் வைத்துக் கொடுக்கிறது. பூட்ஸ்ட்ராப் என்று இதைச் சொல்வார்கள். கெப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் இருந்தால், ஒருமுறை கேட்டை நிரப்புவதில் அதன் வோல்ட் 0.07 மட்டுமே குறையும். ஆனால் கீழ் மாஸ்ஃபெட் அவ்வப்போது திறந்தால்தான் அது மறுபடி நிரம்பும். கைப்பிடியை முழுதாகத் திருகினாலும் இத்தகைய கன்ட்ரோலர்கள் மேல் மாஸ்ஃபெட்டை நூறு சதவீதம் திறந்தே வைக்காமல் சற்று விட்டுக்கொடுப்பது அதனால்தான்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு டிரைவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஐஆர்2104 என்பது எட்டுக் கால் ஐ.சி. அதற்குக் கட்டளைக் கால் ஒன்றுதான். அது உயர்ந்தால் மேலே, தாழ்ந்தால் கீழே. டெட் டைமை அதுவே போட்டுக்கொள்கிறது, வழக்கமாக 520 நானோ நொடி. இரண்டையும் சேர்த்துத் திறக்க அதனிடம் சொல்லவே முடியாது. ஆனால் அதன் வலிமை குறைவு. வடிக்கும் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் கீழே. ஐஆர்2110 பதினான்கு கால் ஐ.சி., 2 ஆம்பியர் தரக்கூடியது. மேலுக்கும் கீழுக்கும் தனித்தனிக் கட்டளைக் கால்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும். இரண்டு கால்களையும் சேர்த்து உயர்த்தினால் இரண்டு மாஸ்ஃபெட்டையும் சேர்த்தே திறந்துவிடும். டெட் டைம் அதனுள் கிடையாது. மாணவர் பிராஜெக்ட்டுகளில் 2104ஐக் கழற்றிவிட்டு ‘பவர்ஃபுல்’ என்று 2110ஐப் போட்டவுடன் மாஸ்ஃபெட்டுகள் வெடிப்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

2110 போன்ற டிரைவரைப் பயன்படுத்தும்போது டெட் டைமை மைக்ரோகன்ட்ரோலரே தர வேண்டும். நிரலில் ‘மூடு, கொஞ்சம் காத்திரு, திற’ என்று வரிசையாக எழுதித் தரக் கூடாது. இடையில் வேறு வேலை குறுக்கிட்டால், அல்லது நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால், அந்த இடைவெளி என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மோட்டார் வேலைக்கான மைக்ரோகன்ட்ரோலர்களின் டைமருக்குள் டெட் டைமுக்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. எஸ்.டி.எம்.32எஃப்103 வகையில், 72 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், முதல் டைமருக்கு அரை மைக்ரோ நொடி கொடுக்க ஒரு வரி போதும்.

```
TIM1->BDTR = TIM_BDTR_MOE | 36;
```

36 என்பது 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் 36 துடிப்பு, அதாவது 500 நானோ நொடி. இதன் பிறகு நிரல் எங்கே தடுமாறினாலும் அந்த இடைவெளியைச் சுற்று விடாமல் காக்கும்.

அப்படியானால் பாதுகாப்புக்காக ஐந்து மைக்ரோ நொடி விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. மோட்டாரின் சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்காது. இரண்டு மாஸ்ஃபெட்டும் மூடியிருக்கும்போது, மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இயல்பாக அமைந்திருக்கும் டயோடு வழியாக அது தொடர்ந்து ஓடுகிறது. அங்கே கிட்டத்தட்ட 1 வோல்ட் வீணாகிறது. 10 ஆம்பியருக்கு, அரை மைக்ரோ நொடி டெட் டைமில், இது 0.2 வாட்தான், பொருட்படுத்த வேண்டாம். உண்மையான விலை வோல்ட்டில் இருக்கிறது. டெட் டைமின்போது நடுப்புள்ளி மேலே இருக்குமா கீழே இருக்குமா என்பதை மைக்ரோகன்ட்ரோலர் தீர்மானிப்பதில்லை, மின்னோட்டத்தின் திசை தீர்மானிக்கிறது. அதனால் கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையே 48 வோல்ட், அரை மைக்ரோ நொடி, நொடிக்கு 20,000 முறை ஆகியவற்றின் பெருக்கமான 0.48 வோல்ட் பிழை வருகிறது. வண்டி வேகமாக ஓடும்போது 40 வோல்ட்டில் அரை வோல்ட் தெரியாது. சிக்னலில் நின்று மெதுவாகக் கிளம்பும்போது மோட்டாருக்கு 2 வோல்ட்தான் போகிறது. அதில் கால் பங்கு காணாமல் போய்விடும். மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் பிழையும் திசை மாறுகிறது. மூன்று வயரிலும் சேர்த்து ஒரு மின் சுற்றுக்கு ஆறு முறை இது நடப்பதால், சைன் அலையில் இயங்கும் கன்ட்ரோலர்களில் குறைந்த வேகத்தில் ஒரு முனகலும் அதிர்வும் கேட்கும். ஐந்து மைக்ரோ நொடி விட்டிருந்தால் பிழை 4.8 வோல்ட். வண்டி கிளம்பவே திணறும். நல்ல கன்ட்ரோலர்கள் மின்னோட்டத்தின் திசையைப் பார்த்து அந்தப் பிழையை முன்கூட்டியே கூட்டிக் கழித்துக்கொள்கின்றன. ஆனால் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் திசை எது என்று நிச்சயமாகத் தெரியாததால், அங்கே மட்டும் திருத்தம் சற்றுத் தடுமாறும்.

டெட் டைமைச் சரியாகக் கணக்கிட்டு வைத்த பிறகும் ஷூட் த்ரூ வரக்கூடும் என்பதுதான் இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்களை மிகவும் அலைக்கழிக்கும் விஷயம். அதை ஒரு உதாரணத்தோடு பார்ப்பது நல்லது.

கேட்டை மெதுவாகத் திறந்து வேகமாக மூடினால் ஷூட் த்ரூவைத் தவிர்க்க நல்லது. அதற்காக 47 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சிறிய டயோடு போடுவார்கள். கேட்டிலிருந்து டிரைவர் பக்கமாக மட்டும் மின்சாரத்தை விடும்படி அது இருக்க வேண்டும். அப்போது நிரப்புவது ரெசிஸ்டர் வழியாக மெதுவாகவும், வடிப்பது டயோடு வழியாக வேகமாகவும் நடக்கும். இப்போது ஒரு கன்ட்ரோலரில் அந்த டயோடைத் தலைகீழாக வைத்துச் சால்டர் செய்துவிட்டார்கள் என்று கொள்வோம். சாதாரணமாக நடக்கும் தவறுதான், டயோடின் உடம்பில் இருக்கும் கோடு அவ்வளவு சிறியது. இனி திறப்பது மின்னல் வேகம், மூடுவது ஆமை வேகம்.

கீழ் மாஸ்ஃபெட் முறையாக மூடிவிட்டது. டெட் டைமும் தாராளமாக 1 மைக்ரோ நொடி இருக்கிறது. அது முடிந்து மேல் மாஸ்ஃபெட் திறக்கிறது. டயோடு தலைகீழாக இருப்பதால் மிக வேகமாகத் திறந்து, நடுப்புள்ளியை 30 நானோ நொடிக்குள் 48 வோல்ட்டுக்குத் தூக்கிவிடுகிறது. நடுப்புள்ளிதான் கீழ் மாஸ்ஃபெட்டின் டிரைன். டிரைனுக்கும் கேட்டுக்கும் இடையே இயல்பாகவே சுமார் 40 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. டிரைன் விருட்டென்று ஏறும்போது அதன் வழியாக 64 மில்லி ஆம்பியர் மூடிய கேட்டுக்குள் பாய்கிறது. அது வெளியேற இருக்கும் ஒரே வழி 47 ஓம் ரெசிஸ்டர். 64 மில்லி ஆம்பியர் 47 ஓமில் 3 வோல்ட்டை உண்டாக்கும். 540என் திறக்கத் தொடங்கும் வோல்ட் 2 முதல் 4 வரை. சூடு ஏற ஏற அது இன்னும் இறங்கும். யாரும் கட்டளையிடாமலேயே கீழ் மாஸ்ஃபெட் ஒரு கணம் அரைகுறையாகத் திறக்கிறது. மேலே உள்ளது ஏற்கெனவே திறந்திருக்கிறது.

டெட் டைமை இரண்டு மடங்காக்கினாலும் இது தீராது. இது நடப்பது டெட் டைம் முடிந்த பிறகு. டயோடைச் சரியாகத் திருப்பி வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகிறது. நடுப்புள்ளி மெதுவாக ஏறுவதால் உள்ளே பாயும் மின்னோட்டம் குறைகிறது, குறைந்த மின்னோட்டமும் டயோடு வழியாக எளிதில் வெளியேறுகிறது. டிரைவரை மாஸ்ஃபெட்டுக்கு ஒட்டி வைப்பதும், கேட் வயரையும் சோர்ஸ் வயரையும் குட்டையாக, பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒவ்வொரு சென்டிமீட்டர் வயரும் அந்த வேகத்தில் ஒரு தடையாக நிற்கும்.

எல்லா ஷூட் த்ரூவும் ‘டப்’ என்று சத்தம் போடுவதில்லை. சத்தமில்லாதவைதான் ஏமாற்றும். நம் கன்ட்ரோலரில் 500க்குப் பதிலாக 200 நானோ நொடி டெட் டைம் வைத்தால் 160 நானோ நொடிக்கு இரண்டும் பாதி திறந்து நிற்கும். சராசரியாக 100 ஆம்பியர் பாய்ந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முக்கால் மில்லி ஜூல் போகிறது. நொடிக்கு 40,000 முறை என்றால் ஒரு சோடியில் 30 வாட். மூன்று சோடிக்கும் சேர்த்து 90 வாட். மோட்டாரோ 250 வாட். வண்டி ஓடும், பேட்டரி சீக்கிரம் தீரும், பெட்டி கொதிக்கும். ஓட்டுபவர் வெயிலைக் குறை சொல்வார். இரண்டு வாரத்தில் ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது வெடிக்கும்.

இதை வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரை வேலை செய்யவிட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரே இல்லாதபோது மாஸ்ஃபெட்டுகள் வெதுவெதுப்பாகக்கூட ஆகக் கூடாது. தொட முடியாத சூடு என்றால் சந்தேகம் உறுதி. மாற்றும் வேகத்தை 20 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 ஆகக் குறைத்து இன்னொரு முறை பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாகும். இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால், அது ஒவ்வொரு மாற்றத்திலும் வீணாவது. குறையாவிட்டால் வேறு எங்கோ கசிவு.

பழுது பார்த்த கன்ட்ரோலருக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் ஒரு பல்பைத் தொடராக இணைக்கும் வழக்கம் உண்டு. ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் தப்பும். நல்ல பழக்கம்தான். ஆனால் ஷூட் த்ரூ விஷயத்தில் அது முழுக் காவல் இல்லை. பல்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பியிருந்தால், அந்த முதல் 160 மைக்ரோ நொடியைப் பல்பு பார்ப்பதே இல்லை. அதனால் முதலில் 48 வோல்ட்டைக் கொடுக்காமல், டிரைவருக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்து, மேல் கேட்டையும் கீழ் கேட்டையும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிடுவது உத்தமம். மேல் டிரைவரின் கெப்பாசிட்டர் நிரம்பும்படி, நடுப்புள்ளியைத் தற்காலிகமாக நெகட்டிவுடன் இணைத்துக்கொள்ளலாம். 48 வோல்ட்டைக் கொடுக்கும் முன் அந்த இணைப்பைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். திரையில் ஒன்று 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே மற்றது 2 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாற்றத்திலும், மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு முழு வோல்ட்டில் பார்க்கும்போது, ஆஸிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நடுப்புள்ளியில் மாட்டக் கூடாது. இன்னொரு புரோபின் கிளிப் நெகட்டிவில் இருந்தால், இரண்டும் கருவிக்குள்ளேயே சேர்ந்திருப்பதால், மேல் மாஸ்ஃபெட் திறந்த கணத்தில் அந்தக் கிளிப் வழியாகவே ஷார்ட் நடக்கும். இரண்டு கிளிப்பையும் நெகட்டிவில் மாட்டி, மேல் கேட்டையும் நடுப்புள்ளியையும் தனித்தனியாக அளந்து, திரையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம்.

எரிந்த சோடியை மாற்றும்போது டிரைவர் ஐ.சி.யையும் கேட் ரெசிஸ்டர்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். மாஸ்ஃபெட் சாகும்போது டிரைனிலிருந்த 48 வோல்ட் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலுக்குப் பார்க்க நன்றாக இருக்கும் டிரைவர் உள்ளே பாதி செத்திருக்கும். அதை விட்டுவிட்டுப் புது மாஸ்ஃபெட்டை மட்டும் போட்டால், சாவி திருப்பிய முதல் நொடியிலேயே அவையும் போய்விடும்.

அளவுகள் சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும். தொழிற்சாலை மோட்டார்களை இயக்கும் பெரிய ஐ.ஜி.பி.டி.கள் மூடச் சொன்ன பிறகும் மின்னோட்டத்தை வால்போல் சிறிது நேரம் இழுத்துக்கொண்டே போகும். அவற்றுக்கு டெட் டைம் மைக்ரோ நொடிகளில் தேவைப்படுகிறது. மறு எல்லையில் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றின் கேட் மின்னேற்றம் மிகச் சிறியது, அதனால் சில பத்து நானோ நொடி போதும். ஆனால் டெட் டைமின்போது அவற்றில் வீணாகும் வோல்ட் சிலிக்கனில் இருப்பதைவிட அதிகம், எனவே இடைவெளியைத் தேவைக்கு மேல் நீட்டினால் வெப்பமாகவே திரும்பி வரும். அதே 48 வோல்ட்டில் 20 நானோ நொடி டெட் டைம் வைத்தால், மாற்றும் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும் மோட்டாருக்குப் போகும் வோல்ட்டில் பிழை 0.1ஐத் தாண்டாது. 540என் சோடியில் 20 கிலோஹெர்ட்ஸிலேயே அது கிட்டத்தட்ட அரை வோல்ட்டாக இருந்தது.